எங்கே வெட்டுவது? ரேடியோவை மென்பொருளிலிருந்து பிரிக்கும் ஓப்பன் ரேன்

2020 ஜூலையில் பிரிட்டன் அரசு ஒரு முடிவை அறிவித்தது. ஹுவாவே நிறுவனத்தின் 5ஜி கருவிகளை அந்த ஆண்டு முடிந்தபின் செல்பேசி நிறுவனங்கள் புதிதாக வாங்கக் கூடாது, ஏற்கெனவே மாட்டியிருப்பவற்றை 2027 முடிவதற்குள் கழற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அரசியல் காரணங்களை விட்டுவிடுவோம். ஒரு பொறியாளரின் கண்ணால் பார்த்தால் அந்த உத்தரவு ஒரு பழைய உண்மையை வெளிச்சம்போட்டுக் காட்டியது. கோபுரத்தின் அடியில் இருந்து சிக்னலுக்கான கணக்குகளைப் போடும் பெட்டியை மட்டும் வேறு நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டு, உச்சியில் இருக்கும் ரேடியோவை அப்படியே விட்டுவைக்க வழியில்லை. ரேடியோவை மட்டும் மாற்றிவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஒன்றைத் தொட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். கோபுரம் ஏற ஆள், கிரேன், வேலை நடக்கும் நேரத்தில் சேவை நிறுத்தம் என்று செலவு அடுக்கடுக்காக ஏறும்.

இந்தக் கட்டு எங்கே விழுந்தது? மேலே உள்ள ரேடியோவையும் கீழே உள்ள பெட்டியையும் இணைக்கும் ஃபைபர் கம்பியில். அந்தக் கம்பியில் பேசப்படும் மொழியை வெளிப்படையாக எழுதி, யார் செய்த ரேடியோவும் யார் எழுதிய மென்பொருளோடும் பேசும்படி ஆக்குவதுதான் ஓப்பன் ரேன் என்ற முயற்சியின் நடுநாயகம். கிளவுட், தானியங்கி நிர்வாகம் என்று அதைச் சுற்றிப் பல பேச்சுகள் உண்டு. ஆனால் மாணவராக நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கம்பியைத்தான். இந்தக் கட்டுரையும் அதை விட்டு அதிகம் விலகாது.

கம்பியில் என்ன போகிறது

ஒரு செல்பேசிக்குத் தரவு அனுப்பும்போது நிலையத்துக்குள் நடக்கும் வேலைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். முதலில் பிட்டுகள் வருகின்றன. பிழைதிருத்தக் குறியீடு சேர்க்கப்படுகிறது. பிறகு அவை நான்கு, ஆறு, எட்டு என்று கூட்டமாகச் சேர்ந்து, வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாறுகின்றன. அந்தப் புள்ளிகள் துணை அலைகளில் இருக்கைபோல் உட்கார வைக்கப்படுகின்றன. எந்த ஆன்டெனாவுக்கு எவ்வளவு எடை என்று பெருக்கப்படுகின்றன. ஃபூரியர் மாற்றத்தின் வழியே நேரத்தில் ஓடும் அலையாகின்றன. கடைசியில் அந்த அலை பெருக்கியில் வலுவூட்டப்பட்டு ஆன்டெனாவுக்குப் போகிறது.

இந்தச் சங்கிலியில் ஏதாவது ஓரிடத்தில் வெட்டி, முன்பாதியைக் கீழே சர்வரிலும் பின்பாதியைக் கோபுரத்தில் இருக்கும் ரேடியோ யூனிட்டிலும் வைக்க வேண்டும். செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2017இல் ஓர் ஆய்வறிக்கையில், வெட்டக்கூடிய எட்டு இடங்களை எண் போட்டுப் பட்டியலிட்டது. எண் கூடக்கூட வெட்டு ஆன்டெனாவுக்கு நெருங்கும். எட்டாவது இடம் சங்கிலியின் கடைசி: கீழே எல்லாக் கணக்கும் முடிந்து, தயாரான அலையின் மாதிரிகள் மட்டும் கம்பியில் மேலே போகும்.

4ஜி காலத்தில் வழக்கத்தில் இருந்தது அந்த எட்டாவது வெட்டுதான். அதற்கான இணைப்புக்குச் சிப்ரி என்று பெயர். 2003இல் சில கருவி உற்பத்தி நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தது. அது பொது ஆவணம்தானே, பிறகு ஏன் கட்டு என்று கேட்கலாம். சிப்ரி அலை மாதிரிகளை எப்படி அடுக்குவது என்பதைச் சொன்னது. ரேடியோவை எப்படி எழுப்புவது, எப்படிக் கட்டுப்படுத்துவது, பழுதை எப்படிப் புகார் சொல்வது போன்றவற்றுக்கு இடம் மட்டும் ஒதுக்கி, உள்ளடக்கத்தை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஒவ்வொருவரும் அந்த இடத்தைத் தம் சொந்த மொழியால் நிரப்பினார்கள். கதவு பொது, பூட்டு தனியார் என்றாயிற்று.

5ஜி வந்தபோது எட்டாவது வெட்டுக்கு இன்னொரு சோதனையும் வந்தது. அதை எண்ணால் பார்ப்பதே நல்லது.

ஒரு கணக்கு

4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு நொடிக்கு 3 கோடியே 7 லட்சம் மாதிரிகள் எடுக்கிறோம். ஒவ்வொரு மாதிரியும் 15 பிட் கொண்ட இரண்டு எண்கள். சிப்ரியின் மேற்செலவையும் சேர்த்தால் ஓர் ஆன்டெனாவுக்கு நொடிக்கு 1.23 கிகாபிட். இரண்டு ஆன்டெனாவுக்கு 2.46 கிகாபிட். ஃபைபருக்கு இது பெரிய பாரம் இல்லை.

5ஜியில் பரவலாகப் பயன்படும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 100 மெகாஹெர்ட்ஸ் அகலம், 64 ஆன்டெனா. மாதிரி வேகம் நொடிக்கு 12 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம்.

```
122.88 × 10^6 × 30 × 64 = 235.9 × 10^9
```

மேற்செலவு சேர்க்காமலே நொடிக்கு 236 கிகாபிட். ஒரு கோபுரத்தில் மூன்று திசைக்கு மூன்று ரேடியோ என்றால் 700 கிகாபிட்டைத் தாண்டிவிடும். ஆனால் அந்த ஒரு திசையில் இருக்கும் பயனர்கள் எல்லோரும் சேர்ந்து பெறும் தரவு, மிக நல்ல சூழலிலும் நொடிக்குச் சில கிகாபிட்தான். சில கிகாபிட்டைக் கொண்டுசெல்ல 236 கிகாபிட் குழாய். அதைவிடக் கொடுமை, இந்த ஓட்டம் பயனர் எண்ணிக்கையைப் பொறுத்தது இல்லை. நள்ளிரவில் ஒருவர்கூட இணைப்பில் இல்லாதபோதும், கிட்டத்தட்ட வெறுமையான அலையின் மாதிரிகள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது வெட்டைச் சற்று முன்னால் நகர்த்துவோம். புள்ளிகள் துணை அலைகளில் உட்கார்ந்த பிறகு, ஆன்டெனா எடைகளால் பெருக்கப்படுவதற்கு முன்பு. அந்த இடத்தில் கம்பியில் போகவேண்டியது 64 ஆன்டெனாவின் அலை இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை தனித்தனித் தரவு ஓடைகள் வானில் போகின்றனவோ, அத்தனை ஓடைகள் மட்டும் போதும். இவற்றை லேயர் என்பார்கள். 64 ஆன்டெனா இருந்தாலும் லேயர் 8 என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை அங்கேயே எட்டில் ஒன்றாகிவிடுகிறது.

இன்னும் இரண்டு சேமிப்பு உண்டு. 100 மெகாஹெர்ட்ஸில் உண்மையில் தரவு ஏந்தும் துணை அலைகள் 3,276. ஃபூரியர் மாற்றம் 4,096 இடங்களுக்கு நடந்தாலும், காலியாக இருக்கும் ஓரங்களை ரேடியோவே நிரப்பிக்கொள்ளும், அனுப்பத் தேவையில்லை. அடுத்தது எண்களைச் சுருக்குவது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 12 துணை அலைகளை ஒரு கட்டாக எடுத்து, அந்தக் கட்டுக்கு ஒரே ஒரு பொது அடுக்கெண்ணை 8 பிட் இடத்தில் எழுதிவிட்டு, ஒவ்வோர் எண்ணையும் 9 பிட்டில் எழுதுவது வழக்கம். ஒரு கட்டுக்கு 12 × 18 + 8, அதாவது 224 பிட். எல்லாத் துணை அலைகளும் ஒரே நேரத்தில் சேர்ந்து வானில் போகும் ஒரு சிறு துண்டுக்குச் சிம்பல் என்று பெயர். ஒரு சிம்பலில் 273 கட்டுகள். நொடிக்கு 28,000 சிம்பல்கள்.

```
224 × 273 × 28000     = 1.71 × 10^9
224 × 273 × 28000 × 8 = 13.7 × 10^9
```

236 கிகாபிட் இருந்த இடத்தில் 13.7 கிகாபிட். சாதாரண 25 கிகாபிட் ஈதர்நெட் இணைப்பில் தலைப்புச் செலவையும் சேர்த்துத் தாராளமாக அடங்கும். பயனர் இல்லாத கட்டுகளை அனுப்பவே வேண்டாம் என்பதால் நள்ளிரவில் ஓட்டம் தானாக இளைத்துவிடும்.

இந்த வெட்டுக்கு 7.2எக்ஸ் என்று பெயர். 3ஜிபிபி பட்டியலின் ஏழாவது இடத்துக்குள் இருக்கும் ஒரு துணை இடம் அது. 2018 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி, சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், என்டிடி டோகோமோ, ஆரஞ்ச் ஆகிய ஐந்து ஆபரேட்டர்கள் தொடங்கிய ஓ-ரேன் அலையன்ஸ் இந்த வெட்டைத் தன் முதன்மை இணைப்பாக எடுத்துக்கொண்டது. தொடங்கியவர்கள் கருவி விற்பவர்கள் இல்லை, வாங்குபவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் இன்னும் முன்னால், ஆறாவது இடத்தில் வெட்டியிருந்தால் இன்னும் சிக்கனமாக இருந்திருக்குமே? கம்பிக்கு அது சிக்கனம்தான். அங்கே வெறும் பிட்டுகள் போனால் போதும். ஆனால் பிழைதிருத்தக் குறியீட்டை எழுதுவதும் அவிழ்ப்பதும் ரேடியோவுக்குள் போய்விடும். இந்தச் சங்கிலியில் மிகக் கனமான கணக்கே அந்த அவிழ்ப்புதான். வெயிலிலும் மழையிலும் விசிறி இல்லாமல் தொங்கும் பெட்டிக்குள் அதை வைத்தால் சூடும் எடையும் மின்சாரமும் கூடும். நாளை புதிய வசதி ஒன்று தரத்தில் சேர்ந்தால், அதைச் செய்ய வேண்டியது கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சில்லு. அது முடியாவிட்டால் மீண்டும் ஏறி மாற்ற வேண்டும். ஆபரேட்டருக்கு வேண்டியது நேர்மாறானது. மேலே இருப்பது பத்தாண்டு அசையாமல் கிடக்கட்டும், அடிக்கடி மாறுவது எல்லாம் கீழே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்பதே அவர்கள் எண்ணம். ஆறாவது வெட்டு சிறிய, உட்புற நிலையங்களுக்குப் பொருந்துகிறது. பெரிய கோபுரத்துக்கு 7.2எக்ஸ் ஒரு சமரசப் புள்ளி. கம்பி மலிவாகும் அளவுக்கு முன்னால், ரேடியோ எளிமையாக இருக்கும் அளவுக்குப் பின்னால்.

நேரம் என்ற கண்டிப்பான காவலாளி

இதுவரை பார்த்தது அகலம். என் அனுபவத்தில் மாணவர்கள் அகலத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், நேரத்தைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். களத்தில் பிழைகள் பெரும்பாலும் நேரத்தில்தான் வருகின்றன என்பதால் இங்கே சற்று நிதானமாகப் போவோம்.

சிப்ரியில் மாதிரிகள் கடிகார அடிபோல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தன. 7.2எக்ஸ் ஈதர்நெட் பாக்கெட்டில் போகிறது. பாக்கெட்டுக்கு ஒரே சீர் என்பது கிடையாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஆனால் ஆன்டெனா காத்திருக்காது. ஒரு சிம்பலின் ஆயுள் சுமார் 35.7 மைக்ரோ விநாடி. அந்தச் சிம்பல் வானில் ஏற வேண்டிய கணத்தில் அதற்கான எண்கள் ரேடியோவின் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே ரேடியோ ஒரு வரவேற்புச் சாளரத்தை அறிவிக்கிறது: இவ்வளவுக்கு முன்னால் வந்தால் வைக்க இடமில்லை, இவ்வளவுக்குப் பின்னால் வந்தால் பயனில்லை.

எண் போட்டுப் பார்ப்போம். ஒரு ரேடியோ தன் சாளரத்தை, சிம்பல் வானேறுவதற்கு 345 மைக்ரோ விநாடி முன்பிலிருந்து 134 மைக்ரோ விநாடி முன்புவரை என்று சொல்வதாகக் கொள்வோம். கீழே மென்பொருள் ஓடும் சர்வர் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோ விநாடி எடுக்கும், ஆக 50. நடுவில் ஒரு சுவிட்ச். வரிசை காலியாக இருந்தால் அங்கே 5, கூட்டமாக இருந்தால் 25 என்று வைப்போம். மொத்தப் பயணம் 55 முதல் 75 மைக்ரோ விநாடி.

சர்வர் எப்போது அனுப்ப வேண்டும்? மிகத் தாமதமான பயணத்திலும் சாளரம் மூடுமுன் சேர வேண்டும் என்றால், கடைசிக் கெடு 134 + 75, அதாவது வானேறுவதற்கு 209 மைக்ரோ விநாடி முன்பு. மிக வேகமான பயணத்திலும் சாளரம் திறக்குமுன் போய் நிற்கக் கூடாது என்றால், 345 + 55, அதாவது 400 மைக்ரோ விநாடிக்கு முன்னால் அனுப்பக் கூடாது. சர்வருக்குக் கிடைக்கும் இடைவெளி 191 மைக்ரோ விநாடி. சாளரத்தின் அகலம் 211. அதில் 20ஐச் சுவிட்சின் ஆட்டம் தின்றுவிட்டது. ஒரு வலைப்பின்னலில் சராசரித் தாமதத்தைவிடத் தாமதத்தின் ஆட்டம் எவ்வளவு விலை பிடிக்கும் என்பது இங்கே கண்கூடு. தூரம் நிலையானது என்றால் முன்கூட்டியே அனுப்பி ஈடுகட்டலாம். ஆட்டத்தை எப்படியும் ஈடுகட்ட முடியாது.

ஆனால் தூரத்துக்கும் எல்லை உண்டு. செல்பேசி ஒரு தரவுத்துண்டைப் பெற்றதா இல்லையா என்று பதில் அனுப்பி, இல்லையென்றால் மீண்டும் அனுப்பும் சுழற்சி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனை செல்பேசி, மறுமுனை கீழே உள்ள சர்வர். கம்பியில் செலவாகும் ஒவ்வொரு மைக்ரோ விநாடியும் சர்வர் கணக்குப் போடும் நேரத்திலிருந்தே கழியும். இதனால்தான் இந்தச் சர்வரை ஏதோ ஒரு தொலைதூரத் தரவு மையத்தில் கொண்டுபோய் வைக்க முடிவதில்லை. 20 கிலோமீட்டர் வரை என்பது நடைமுறையில் அடிக்கடி சொல்லப்படும் அளவு. இந்தச் சர்வரில் ஓடும் பகுதிக்கு டியூ என்று பெயர். வலைப்பின்னலில் அதற்கும் உட்பக்கத்தில், நேர நெருக்கடி இல்லாத வேலைகளைப் பார்க்கும் சியூ என்ற இன்னொரு பகுதி உண்டு; அது வெகு தொலைவில் இருந்தாலும் பாதகமில்லை.

சாளரம், கெடு என்றெல்லாம் பேச வேண்டுமானால் இருவர் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறிமாறி நடக்கும் நிலையங்களுக்குப் பொதுக் கடிகாரத்திலிருந்து விலகல் ஒன்றரை மைக்ரோ விநாடிக்குள் அடங்க வேண்டும். இதற்காக வலைப்பின்னல் வழியே பிடிபி என்ற நேர நெறிமுறை ஓடுகிறது. போகும் பயணமும் வரும் பயணமும் ஒரே நேரம் எடுக்கின்றன என்ற நம்பிக்கையில் அது கணக்குப் போடுகிறது. போகும் ஃபைபர் வரும் ஃபைபரைவிட 200 மீட்டர் நீளமாக இருந்துவிட்டால் பயணத்தில் ஒரு மைக்ரோ விநாடி வேறுபாடு. அதில் பாதி, அரை மைக்ரோ விநாடி, கடிகாரத்தில் பிழையாக ஏறிவிடும். யாரோ ஒருவர் பழுதுபார்க்கும்போது ஓர் இழையை மட்டும் வேறு வழியாகச் சுற்றிவிட்டால் போதும், ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

ஒரு பழுதைத் துரத்துவோம்

புதிதாக இணைத்த ஒரு நிலையத்தில் பயனர்கள் வேகம் இல்லை என்று முறையிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செல்பேசித் திரையில் சிக்னல் முழுதாக இருக்கிறது. ரேடியோவில் பழுதறிவிப்பு எதுவும் இல்லை. ஆனால் மறுமுறை அனுப்பும் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகம். ரேடியோ ஒருவர் செய்தது, மென்பொருள் இன்னொருவர் எழுதியது, சுவிட்ச் மூன்றாமவருடையது. ஒவ்வொருவரும் தம் பக்கம் சரி என்பார்கள்.

இங்கேதான் திறந்த இணைப்பின் பலன் தெரிகிறது. ரேடியோ தனக்கு வந்த பாக்கெட்டுகளை எண்ணி வைக்க வேண்டும் என்று ஓ-ரேன் ஆவணங்கள் வகுத்திருக்கின்றன. அந்த எண்ணிகளின் பெயர்கள் எந்த நிறுவனத்தின் ரேடியோவிலும் ஒன்றேதான்:

```
RX_ON_TIME
RX_EARLY
RX_LATE
```

சாளரத்துக்குள் வந்தவை, முந்தி வந்தவை, பிந்தி வந்தவை. பிந்திய பாக்கெட்டின் எண்கள் கிடைக்காததால் அந்தச் சிம்பலில் அந்தப் பகுதி வானில் வெறுமையாகப் போகும். செல்பேசி அதை அவிழ்க்க முடியாமல் மீண்டும் கேட்கும். சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் குறைவதன் காரணம் இப்படிப் புலப்படுகிறது.

RX_LATE ஏறுகிறது என்று தெரிந்தால் போதாது; எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பயனர் போக்குவரத்து கூடும் வேளையில் கூடி, குறையும் வேளையில் குறைந்தால், சந்தேகம் சுவிட்சின் வரிசை மேல் விழ வேண்டும். வேறு ஏதோ போக்குவரத்து அதே வாயிலில் நுழைந்து, முன்னுரிமை சரியாக அமைக்கப்படாததால் அதிகபட்சம் 25 மைக்ரோ விநாடி என்று நாம் ஒதுக்கிய தாமதம் 100 ஆகியிருக்கும். போக்குவரத்தோடு சம்பந்தமில்லாமல், திடீர் திடீரென்று கொத்துக் கொத்தாக ஏறினால் சர்வரைப் பாருங்கள். டியூ மென்பொருளுக்கென்று ஒதுக்கிய செயலிக் கருவில் இயங்குதளம் வேறு ஒரு சில்லறை வேலையைச் செருகியிருக்கக்கூடும். இணையதளம் நடத்தும் சர்வரில் 200 மைக்ரோ விநாடி இடையூறு யார் கண்ணிலும் படாது. இங்கே நமக்கிருக்கும் இடைவெளியே 191தான். ஒரே இடையூறில் பல சிம்பல்கள் வரிசையாக விழுந்துவிடும். ஒரு குறிப்பிட்ட நேரத்திலிருந்து எல்லாப் பாக்கெட்டும் சாளரத்தின் ஒரே ஓரத்தை நோக்கி நகர்ந்து, பிந்தியவை மட்டும் அல்லது முந்தியவை மட்டும் ஏறினால் அது கடிகாரம். சர்வரின் கடிகாரம் பின்தங்கினால் பாக்கெட் பிந்தும், முந்தினால் முந்தும்.

எண்ணிகள் மூன்றும் சுத்தமாக இருந்து, ஆனாலும் ஒரு லேயர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது வேறு வகைப் பழுது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அது எந்த ஆன்டெனா ஓடைக்கு உரியது என்று சொல்லும் 16 பிட் முகவரி உண்டு. அந்த 16 பிட்டை நான்கு பகுதியாகப் பிரிக்க வேண்டும். எந்தப் பகுதிக்கு எத்தனை பிட் என்பதை ஆவணம் நிர்ணயிக்கவில்லை, அமைப்பவர் முடிவு செய்யலாம். ஒரு பக்கம் 4, 4, 4, 4 என்று பிரித்து, மறுபக்கம் 2, 6, 4, 4 என்று பிரித்தால் இருவரும் ஆவணப்படி சரி, ஆனால் தரவு தவறான கதவைத் தட்டும். ஆவணத்தைப் பின்பற்றுவதும் ஒருவரோடொருவர் பேச முடிவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று என்னிடம் இல்லை. இதனால்தான் இன்னின்ன மதிப்புகளை வைத்துக்கொண்டு சோதித்தோம் என்று சுயவிவரப் பட்டியல்களையும் அலையன்ஸ் தனியாக வெளியிட வேண்டியிருந்தது.

வெட்டின் விலை

7.2எக்ஸ் எல்லா வகையிலும் சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். எதிர்த் திசையில், செல்பேசியிலிருந்து நிலையத்துக்கு வரும் வழியில், அதற்கு உண்மையான பலவீனம் ஒன்று உண்டு.

64 ஆன்டெனாவும் கேட்கின்றன. கம்பியில் எட்டு ஓடைதான் கீழே போகலாம். ஆகவே 64ஐ எட்டாகச் சுருக்கும் எடைகளை ரேடியோ பயன்படுத்தியாக வேண்டும். அந்த எடைகளைக் கணக்கிடுவது டியூ. செல்பேசி அவ்வப்போது அனுப்பும் அளவீட்டுச் சமிக்ஞையைக் கேட்டு, கணக்குப் போட்டு, மேலே அனுப்புகிறது. பயனர் நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ இருந்தால், எடை வந்து சேர்வதற்குள் வழி மாறிவிடுகிறது. பக்கத்து நிலையத்தின் குறுக்கீடு எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற செய்தியோ 64 ஆன்டெனாவிலும் பரவியிருந்தது. எட்டாகச் சுருக்கியபின் அதில் பெரும்பகுதி போய்விட்டது. கீழே இருக்கும் மென்பொருள் எத்தனை கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும், தன்னிடம் வந்துசேராததை மீட்க முடியாது.

இரண்டு பக்கத்தையும் தானே செய்யும் நிறுவனத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அந்தக் கணக்கை ரேடியோவிலேயே வைத்துக்கொள்ளலாம்; யாரிடமும் கேட்க வேண்டாம். பெரிய ஆன்டெனா அடுக்குகளில் திறந்த இணைப்பு பின்தங்குகிறது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டதில் நியாயம் இருந்தது. 2023இல் அலையன்ஸ் இதற்கு ஒரு மாற்று வழியைத் தன் ஆவணத்தில் சேர்த்தது. தரவோடு அதே சமயத்தில் வரும் வழிகாட்டிச் சமிக்ஞையைக் கொண்டு எடைகளை ரேடியோவே கணக்கிடலாம் என்பது அதன் அடிப்படை. இது சரியான திருத்தம் என்பது என் கருத்து. ஆனால் அதன் பொருள் என்னவென்றால், எளிமையாக இருக்கட்டும் என்று நாம் மேலே வைத்த ரேடியோ மறுபடியும் கொஞ்சம் கனமாகிறது.

வாங்குபவர் கணக்கு

இப்போது ஆபரேட்டரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கோபுரத்தில் ஏற்றிய ரேடியோதான் அவர் செலவில் அசைக்கக் கடினமான பகுதி. அந்த ரேடியோவோடு பேசக்கூடியது ஒரே ஒரு நிறுவனத்தின் பெட்டிதான் என்றால், அடுத்த முறை மென்பொருள் உரிமம் புதுப்பிக்கும்போது அவரிடம் பேரம் பேச ஒன்றும் இல்லை. இணைப்பு திறந்திருந்தால், ரேடியோவைத் தொடாமல் மென்பொருளை மாற்றிவிடுவேன் என்று சொல்லலாம். உண்மையில் மாற்றாவிட்டாலும் சொல்ல முடிவதே விலையைக் குறைக்கும். இன்னொரு பக்கம், அகலமான அடுக்குக்கு ஒருவரின் ரேடியோ, சிற்றூர்ச் சாலைக்கு இன்னொருவரின் சிறிய ரேடியோ என்று இடத்துக்கேற்ப வாங்கி, எல்லாவற்றையும் ஒரே மென்பொருளின் கீழ் நடத்தலாம்.

இதற்கான விலை, பொறுப்பு கைமாறுவது. முன்பு பழுது வந்தால் ஒரே தொலைபேசி எண். இப்போது RX_LATE ஏறும்போது மூன்று நிறுவனங்களை ஒரே அறையில் உட்கார வைத்து யார் தவறு என்று நிறுவ வேண்டியவர் ஆபரேட்டர். அதற்கான ஆய்வகமும் ஆட்களும் அவரிடம் இருக்க வேண்டும், அல்லது அந்த வேலையைச் செய்ய இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கைச் சிலர் சிலவிதமாகப் போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் ராகுட்டன் மொபைல் 2020 ஏப்ரலில் சேவை தொடங்கியபோது, நோக்கியாவின் 4ஜி ரேடியோக்களை ஆல்டியோஸ்டார் என்ற வேறொரு நிறுவனத்தின் மென்பொருளோடு இணைத்திருந்தது. பழைய வலைப்பின்னல் எதுவும் இல்லாத புதிய நிறுவனம். ஒருங்கிணைக்கும் வேலையைத் தானே செய்தது. அடுத்த ஆண்டு அந்த மென்பொருள் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. பிரிட்டனில் வோடஃபோன், ஹுவாவேயை அகற்ற வேண்டிய கட்டாயத்தையே வாய்ப்பாக்கி, வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் 2,600 நிலையங்களை ஓப்பன் ரேனுக்கு மாற்றுவதாக 2020இல் அறிவித்தது. முதல் நிலையம் 2022 ஜனவரியில் பாத் நகரில் இயங்கத் தொடங்கியது.

மூன்றாவது எடுத்துக்காட்டுதான் அதிகம் விவாதிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் ஏடி அண்ட் டி, ஐந்தாண்டுகளில் 14 பில்லியன் டாலர் வரை செலவாகக்கூடிய ஓப்பன் ரேன் ஒப்பந்தத்தை எரிக்சனோடு அறிவித்தது. 2026 இறுதிக்குள் தன் கம்பியில்லாப் போக்குவரத்தில் 70 விழுக்காடு திறந்த இணைப்புக்குத் தகுதியுள்ள கருவிகளில் ஓடும் என்றது. ஃபுஜிட்சுவின் ரேடியோக்களையும் சேர்ப்பதாகச் சொன்னது. ஆனால் பெரும்பங்கு ஒரே நிறுவனத்துக்குப் போனதால், திறந்த வலைப்பின்னல் என்பது இதுதானா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. ஏடி அண்ட் டியின் பக்கத்திலும் ஒரு தர்க்கம் இருக்கிறது: இன்று பெரும்பாலும் ஒருவரிடமே வாங்கினாலும், மேலே ஏற்றும் ரேடியோவின் கம்பியில் ஓடுவது பொது மொழியாக இருந்தால், அடுத்த ஒப்பந்தம் வரும்போது கோபுரம் ஏறத் தேவையில்லை.

அந்தத் தர்க்கம் நிற்குமா என்பதைத் தகுதி என்ற ஒரு சொல் தீர்மானிக்கும். திறந்த இணைப்புக்குத் தகுதியுள்ள ரேடியோ என்றால் ஒரு மென்பொருள் மேம்படுத்தலால் 7.2எக்ஸ் பேசக்கூடியது என்று பொருள் இருக்கலாம்; இன்றே இன்னொருவர் டியூவோடு பேசிக்கொண்டிருக்கிறது என்றும் பொருள் இருக்கலாம். ஓர் ஓப்பன் ரேன் அறிவிப்பைப் படிக்கும்போது கேட்டுப் பார்க்க வேண்டியவை இவைதான்: எந்த நிறுவனத்தின் டியூவோடு, எந்தச் சுயவிவரத்தில், எத்தனை லேயரில், எவ்வளவு போக்குவரத்தில் அந்த ரேடியோ சோதிக்கப்பட்டது, நிர்வாக இணைப்பும் திறந்ததா அல்லது அது மட்டும் பழைய சொந்த மொழியிலேயே ஓடுகிறதா, எண்ணிகள் ஏறும் இரவில் தொலைபேசியை எடுக்க வேண்டியவர் யார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா.